பெயர் மட்டும் தெரிந்தவருக்கு முதல் மின்னஞ்சல்: விளிப்பை எப்படி எழுதுவது?

ஓர் ஆய்வுக் கட்டுரையை எழுதியவரிடம் ஒரு சந்தேகம் கேட்க வேண்டும். அல்லது வேலை அறிவிப்பின் அடியில் தொடர்புக்கு என்று போட்டிருந்த பெயருக்கு விண்ணப்பம் அனுப்ப வேண்டும். சொல்ல வேண்டிய விஷயமெல்லாம் தயாராக இருக்கிறது, ஆனால் முதல் வரியிலேயே கை நின்றுவிடுகிறது. பெயரைப் பார்த்தால் ஆணா பெண்ணா என்று தெரியவில்லை. முனைவரா, பேராசிரியரா, இரண்டும் இல்லையா என்பதும் தெரியவில்லை. இருக்கும் இரண்டு சொல்லில் எது குடும்பப் பெயர், எது அவருடைய சொந்தப் பெயர் என்பதிலும் குழப்பம்.

மூன்று குழப்பத்துக்கும் சேர்த்துப் பெரும்பாலும் ஒரே வழி போதும். அவர் தன் பெயரை எப்படி எழுதியிருக்கிறாரோ அதை அப்படியே, முழுதாக, அதே வரிசையில் எழுதுங்கள். முன்னால் எந்தப் பட்டத்தையும் சேர்க்காதீர்கள். ஆங்கிலத்தில் எழுதினால் இப்படி:

```
Dear Wei Lin,
```

தமிழில் எழுதினால் இப்படி:

```
மதிப்பிற்குரிய வெய் லின் அவர்களுக்கு,
வணக்கம்.
```

இது ஏன் பாதுகாப்பானது என்று புரிய, இதே பெயருக்கு `Dear Mr. Lin` என்று எழுதினால் என்ன ஆகும் என்று பாருங்கள். அந்தச் சின்ன வரியில் நீங்கள் மூன்று விஷயங்களை அடித்துச் சொல்லிவிடுகிறீர்கள். இவர் ஆண். இவருக்கு அதைவிட உயர்ந்த பட்டம் எதுவும் இல்லை. இவருடைய குடும்பப் பெயர் லின். மூன்றில் ஒன்று பிசகினாலும் விளிப்பு முழுவதும் தவறாகிவிடும். முழுப்பெயர் அப்படி எதையும் சொல்வதில்லை. “இந்தப் பெயருடையவருக்கு எழுதுகிறேன்” என்பதோடு நிறுத்திக்கொள்கிறது.

இதில் ஒரு குறையும் உண்டு. ஆங்கிலத்தையே தாய்மொழியாகக் கொண்டவர்களின் காதுக்கு முழுப்பெயர் விளிப்பு கொஞ்சம் விறைப்பாகப் படும். மொத்தமாகப் பலருக்கு அனுப்பும் கடிதங்களிலும் அதே வடிவம் வருவதுதான் காரணம். ஆனாலும் முதல் கடிதத்தில் அந்த விறைப்பு ஒரு பெரிய விலை இல்லை. அடுத்த வரியிலேயே அவருடைய எந்தக் கட்டுரையைப் படித்தீர்கள், எதற்காக எழுதுகிறீர்கள் என்று குறிப்பாகச் சொல்லிவிட்டால், இது ஆயிரம் பேருக்குப் போன கடிதம் அல்ல என்பது அவருக்குப் புரிந்துவிடும். ஒரு பெண்ணை `Mr.` என்று விளித்தால் அப்படி அடுத்த வரியில் சரிக்கட்ட முடியாது.

எது குடும்பப் பெயர்?

மூன்று குழப்பங்களில் மிகவும் ஏமாற்றுவது பெயரின் வரிசைதான். ஆணா பெண்ணா என்பதில் நமக்குச் சந்தேகமாவது வருகிறது. வரிசையில் சந்தேகமே வருவதில்லை. முதலில் இருப்பது சொந்தப் பெயர், கடைசியில் இருப்பது குடும்பப் பெயர் என்று ஆங்கிலப் படிவங்கள் நம்மைப் பழக்கிவிட்டன.

ஐக்கிய நாடுகள் அவையின் பொதுச் செயலாளர்களாக இருந்தவர்களில் இரண்டு பேரை மட்டும் பார்த்தாலே இந்தப் பழக்கம் எவ்வளவு தூரம் தவறும் என்று தெரியும். 2007 முதல் 2016 வரை அந்தப் பதவியில் இருந்த கொரியர் பான் கி மூன். அவருடைய குடும்பப் பெயர் முதலில் நிற்கும் பான். அவரை மிஸ்டர் பான் என்று அழைப்பதே சரி, மிஸ்டர் மூன் என்று யாரும் இல்லை. 1961 முதல் 1971 வரை இருந்தவர் பர்மியரான ஊ தாண்ட். அவருடைய பெயர் தாண்ட் என்ற ஒற்றைச் சொல்தான். முன்னால் உள்ள ‘ஊ’ பெயரே அல்ல, பர்மிய மொழியில் ஆண்களுக்குப் போடும் மரியாதைச் சொல். அதை முதல் பெயர் என்று எண்ணி ஒரு படிவத்தில் நிரப்பினால், நம் ஊர்ப் படிவத்தில் ‘திரு’ என்பதை ஒருவரின் பெயராகப் பதிந்ததுபோல ஆகும்.

சீன, ஜப்பானிய, கொரிய, வியட்நாமிய, ஹங்கேரியப் பெயர்களில் அந்தந்த மொழியில் குடும்பப் பெயர்தான் முதலில் வரும். இதை மனப்பாடம் செய்துவிட்டால் பிரச்சினை தீர்ந்தது என்று தோன்றும், ஆனால் உண்மையான சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. ஆங்கிலத்தில் எழுதும்போது இவர்களில் பலர் வெளிநாட்டவருக்கு வசதியாக இருக்கட்டும் என்று வரிசையைத் தாங்களே மாற்றிவிடுவார்கள், பலர் மாற்றமாட்டார்கள். ஜப்பானிய அரசு 2020 ஜனவரி 1 முதல் தன் ஆவணங்களில் ரோமன் எழுத்தில் எழுதும்போதும் குடும்பப் பெயரை முன்னால் வைக்கிறது. அதற்கு முன் பல ஆண்டுகளாக மாற்றி எழுதிப் பழகிய ஜப்பானியர்கள் இன்னும் அப்படியே எழுதிக்கொண்டிருக்கலாம். ஆகவே ஒருவர் எந்த நாட்டவர் என்று தெரிந்தாலும், உங்கள் முன்னால் இருக்கும் அந்தப் பெயர் மாற்றி எழுதப்பட்டதா, மாற்றாமல் எழுதப்பட்டதா என்று உறுதியாகச் சொல்ல முடியாது.

எது குடும்பப் பெயர் என்று கண்டுபிடித்துவிட்டாலும், அதைச் சொல்லித்தான் அழைக்க வேண்டும் என்பதும் எல்லா இடத்திலும் பொருந்தாது. வியட்நாமில் குடும்பப் பெயர் முதலில் வந்தாலும், பட்டத்தோடு அழைக்கும்போதுகூடக் கடைசியில் உள்ள சொந்தப் பெயரையே சொல்வார்கள். படைத் தலைவர் வோ நுயென் ஜியாப்பை உலகம் ஜெனரல் ஜியாப் என்றுதான் அறியும், அவருடைய குடும்பப் பெயரோ வோ. ஐஸ்லாந்தில் பெரும்பாலோருக்குக் குடும்பப் பெயரே கிடையாது. 1980 முதல் 1996 வரை அந்நாட்டின் குடியரசுத் தலைவராக இருந்த விக்டிஸ் ஃபின்பொகாடோட்டிர் என்ற பெயரில் இரண்டாவது சொல், ஃபின்பொகியின் மகள் என்று தந்தையைச் சுட்டுகிறது. அவரை அவருடைய நாட்டினர் விக்டிஸ் என்றே குறிப்பிடுவார்கள். ஸ்பானிய மரபில் தந்தை வழியில் ஒன்று, தாய் வழியில் ஒன்று என இரண்டு குடும்பப் பெயர்கள். மெக்சிகோவின் முன்னாள் அதிபர் என்ரிக்கே பேன்யா நியெட்டோவை மிஸ்டர் பேன்யா நியெட்டோ என்று சொல்லலாம், கடைசிச் சொல்லை மட்டும் பிடித்து மிஸ்டர் நியெட்டோ என்பது தவறு.

தமிழ்ப் பெயர்களுக்கும் இதே கதி நேர்கிறது. சதுரங்க வீரர் விஸ்வநாதன் ஆனந்தின் பெயரில் விஸ்வநாதன் என்பது தந்தையின் பெயர். முன்னால் இருப்பதால் அதையே அவருடைய சொந்தப் பெயராக எடுத்துக்கொண்டு, வெளிநாடுகளில் அவரை ‘விஷி’ என்று செல்லமாக அழைத்துப் பழகிவிட்டார்கள். அவர் அதை ஏற்றுக்கொண்டார். நீங்கள் எழுதப்போகிறவரும் ஏற்றுக்கொள்வார் என்று நம்பி எழுதக் கூடாது.

இவ்வளவையும் நினைவில் வைத்திருக்க வேண்டியதில்லை என்பதுதான் முழுப்பெயரை எழுதுவதில் உள்ள வசதி. பான் கி மூன் என்று முழுதாக எழுதினால், எது எந்தப் பெயர் என்ற கேள்வியே எழாது.

ஒருவேளை குடும்பப் பெயரைத் தனியாகப் பிரித்தே ஆக வேண்டும் என்றால், இரண்டு தடயங்கள் ஓரளவு நம்பத்தக்கவை. ஒரு சொல் மட்டும் முழுக்கப் பெரிய எழுத்தில் இருந்தால், `LIN Wei` என்பதுபோல, அது எங்கே நின்றாலும் குடும்பப் பெயர். பன்னாட்டு மாநாடுகளின் பெயர் அட்டையில் இதைப் பார்க்கலாம். விளிப்பில் எழுதும்போது மட்டும் அதைச் சாதாரண எழுத்துக்கு மாற்றி `Lin Wei` என்று எழுதுங்கள், இல்லாவிட்டால் கத்துவதுபோல இருக்கும். இரண்டாவது தடயம் நடுவில் உள்ள காற்புள்ளி. `Lin, Wei` என்று இருந்தால் காற்புள்ளிக்கு முன்னால் உள்ளது குடும்பப் பெயர். இதில் ஒரு எச்சரிக்கை தேவை. நிறுவனங்களின் முகவரிப் பட்டியலில் வரும் காற்புள்ளியை மனிதர் போடுவதில்லை, மென்பொருள் போடுகிறது. அந்த மனிதர் சேர்ந்த நாளில் படிவத்தின் எந்தக் கட்டத்தில் எதை நிரப்பினார் என்பதைப் பொறுத்தது அது. தந்தையின் பெயரையே குடும்பப் பெயராக நிரப்பியவர்களும், ஒற்றைப் பெயர் கொண்டவர்கள் அதையே இரண்டு கட்டத்திலும் நிரப்பியதும் உண்டு. அதனால் அவர் தன் கையால் எழுதிய கையொப்பமோ சொந்த இணையப் பக்கமோ கிடைத்தால், பட்டியலை விட்டுவிட்டு அதைப் பின்பற்றுங்கள்.

ஆணா பெண்ணா என்று ஊகிக்காதீர்கள்

பெயரின் ஒலியை வைத்துப் பாலினத்தை ஊகிப்பது, அந்தப் பெயர் உங்களுக்குப் பழக்கமான நாட்டைச் சேர்ந்ததாக இருக்கும்வரைதான் சரிவரும். ஆண்ட்ரியா இத்தாலியில் ஆண் பெயர், ஜெர்மனியில் பெண் பெயர். `Jean` என்பது பிரெஞ்சுக்காரர் என்றால் ஆண், ஆங்கிலேயர் என்றால் பெரும்பாலும் பெண். நிகிதா என்றதும் இந்தியாவில் ஒரு பெண்ணைத்தான் நினைப்போம், சோவியத் தலைவர் நிகிதா குருஷேவோ ஆண். ‘ஆ’ ஓசையில் முடிந்தால் பெண் என்ற கணக்கு இத்தாலிய ஆண்ட்ரியாவிடமும் ரஷ்ய நிகிதாவிடமும் தோற்கிறது. சீனப் பெயர்களை ரோமன் எழுத்தில் பார்க்கும்போது ஊகிப்பதற்கு வழியே குறைவு, ஏனென்றால் வெவ்வேறு சீன எழுத்துகள் ஒரே ரோமன் எழுத்துக்கூட்டலுக்குள் வந்துவிடுகின்றன.

ஒளிப்படத்தைத் தேடிப் பார்த்து முடிவு செய்வது இன்னொரு பழக்கம். அதே பெயரில் வேறொருவரின் படம் கிடைப்பது சாதாரணமாக நடப்பது. சரியான படமே கிடைத்தாலும், தோற்றத்தை வைத்து முடிவு செய்வதும் ஊகம்தான். அதைவிட, அவரைப் பற்றி அவருடைய நிறுவனம் ஆங்கிலத்தில் எழுதியுள்ள ஒரு பத்தி இருந்தால் படியுங்கள். அதில் `he`, `she`, `they` இவற்றில் எது வருகிறது என்று பார்த்தாலே போதும். சிலர் மின்னஞ்சல் கையொப்பத்திலேயே இதைக் குறிப்பிட்டிருப்பார்கள்.

பெண் என்று உறுதியாகத் தெரிந்த பிறகும் ஒரு பொறி இருக்கிறது. `Mrs.` என்பது மணமானவர் என்றும் `Miss` என்பது மணமாகாதவர் என்றும் சொல்கின்றன. உங்கள் கடிதத்துக்கு அந்தத் தகவல் தேவையே இல்லை. அவரே வேறு ஒன்றைப் பயன்படுத்தாதவரை `Ms.` என்று எழுதுங்கள். தமிழில் திருமதி, செல்வி இரண்டிலும் இதே சிக்கல்தான். அதனால் இரண்டையும் விட்டுவிட்டு, பெயருக்குப் பின் ‘அவர்கள்’ சேர்ப்பது நல்லது.

பால் குறிக்காத `Mx.` என்ற பட்டமும் ஆங்கிலத்தில் இருக்கிறது. தெரியாதவர்களுக்கெல்லாம் இதைப் போட்டுவிடலாமே என்று சிலர் நினைக்கிறார்கள், எங்கள் பார்வையில் அது சரியான வழி அல்ல. அது சிலர் தங்களுக்காகத் தேர்ந்துகொண்ட பட்டம். அவர்கள் பயன்படுத்தினால் நாமும் தயங்காமல் பயன்படுத்த வேண்டும். நமக்குத் தெரியவில்லை என்பதற்காக இன்னொருவர் மேல் அதை ஏற்றினால், அதுவும் ஒரு ஊகமாகவே போய்ச் சேரும்.

பதவியும் பட்டமும்

பட்டம் தெரியாதபோது தவறு இரண்டு திசையிலும் நடக்கலாம், ஆனால் இரண்டும் ஒரே அளவு வலிப்பதில்லை. முனைவர் பட்டம் பெற்றவரை வெறும் `Mr.` அல்லது `Ms.` என்று எழுதுவது அவரைக் குறைத்ததாகிறது. பெண் ஆய்வாளர்களுக்கு இது அடிக்கடி நடப்பதால் அவர்களிடம் இந்தத் தவறு இன்னும் கூர்மையாகப் போய்ப் படும். முனைவர் அல்லாதவரை `Dr.` என்று எழுதினால் அவருக்குச் சங்கடம், பதிலில் திருத்த வேண்டிய வேலையும் அவர் தலையில். இரண்டாவது சிறிய தவறு என்றாலும் தவறுதான். ஆகவே தெரியாவிட்டால் பட்டமே இல்லாத முழுப்பெயர்.

இதற்கு ஒரு விதிவிலக்கு பல்கலைக்கழகம். அங்கே பட்டமில்லாமல் எழுதுவதைச் சிலர் அலட்சியமாக எடுத்துக்கொள்வார்கள். கற்பிக்கும் பொறுப்பில் இருப்பவர் என்று தெரிந்தால் `Professor` என்று எழுதலாம். அமெரிக்காவில் உதவிப் பேராசிரியரையும் இணைப் பேராசிரியரையும் இப்படி அழைப்பது வழக்கம். பிரிட்டனில் அந்தச் சொல் பெரும்பாலும் உயர்ந்த ஒரு பதவிக்கு உரியது. அங்கே விரிவுரையாளர் என்று பக்கத்தில் போட்டிருந்து முனைவர் பட்டமும் குறிப்பிடப்பட்டிருந்தால் `Dr.` என்பதே பொருத்தம். எந்த நாட்டு மரபு என்று தெரியாவிட்டால், பல்கலைக்கழக ஆசிரியருக்கு ஒரு படி உயர்த்தி எழுதுவதால் பெரிதாக எதுவும் கெட்டுவிடாது.

மருத்துவர்களிடமும் ஒரு வியப்பு உண்டு. பிரிட்டனில் அறுவை சிகிச்சை நிபுணர்கள் மரபாக `Dr.` போட்டுக்கொள்வதில்லை. அங்கே ஒருவர் தன் பெயருக்கு முன் `Mr.` என்று எழுதியிருந்தால் அது பிழை அல்ல, அதைத் திருத்தி உயர்த்தப் பார்க்காதீர்கள். அவர் எழுதியதையே எழுதுங்கள் என்ற விதி இங்கேயும் கைகொடுக்கிறது.

பட்டம் சேர்க்க முடிவு செய்தாலும் பெயரை வெட்டாதீர்கள். வரிசை உறுதியாகத் தெரியாதவரை பட்டத்தோடு முழுப்பெயரையும் எழுதுவதே நல்லது. ஆங்கிலத்தில் பட்டம் குடும்பப் பெயரோடுதான் சேரும். சொந்தப் பெயரோடு மட்டும் அதை ஒட்டி `Dr. Wei` என்று எழுதினால், வெய் குடும்பப் பெயர் என்று நினைத்துவிட்டீர்கள் என்றே படிப்பவர் எடுத்துக்கொள்வார்.

ஒரு பெயரை எடுத்துக்கொண்டு படிப்படியாக

மேலே வந்த கற்பனைப் பெயரையே எடுத்துக்கொள்வோம். ஒரு கட்டுரையின் தலைப்பில் `Wei Lin` என்று இருக்கிறது. சீனத்தில் வெய் என்பதும் லின் என்பதும் குடும்பப் பெயர்களாக வழங்குகின்றன, இரண்டும் சொந்தப் பெயராகவும் வரும். ஆகவே பெயரை மட்டும் எவ்வளவு நேரம் உற்றுப் பார்த்தாலும் விடை கிடைக்காது. ஆண், பெண் இரண்டும் சாத்தியம். இந்த நிலையிலேயே கடிதம் அனுப்ப வேண்டியிருந்தால் `Dear Wei Lin,` என்று எழுதி அனுப்பிவிடலாம்.

ஐந்து நிமிடம் இருக்கிறது என்றால் கட்டுரையின் அடியில் உள்ள முகவரியைப் பாருங்கள். `wlin@example.edu` என்று இருக்கிறது. சொந்தப் பெயரின் முதல் எழுத்தையும் குடும்பப் பெயரையும் சேர்ப்பது பல நிறுவனங்களின் வழக்கம் என்பதால், லின் குடும்பப் பெயராக இருக்கலாம். இது வெறும் சாய்வுதான், ஆதாரம் இல்லை. சில நிறுவனங்கள் நேர்மாறாகவும் அமைக்கின்றன. அடுத்து அதே கட்டுரையை வேறொருவர் மேற்கோள் காட்டியிருப்பதைப் பாருங்கள். `Lin W.` என்று இருந்தால் சாய்வு கொஞ்சம் பலப்படும், ஆனால் மேற்கோள் காட்டியவரும் உங்களைப்போலவே ஊகித்திருக்கலாம். கடைசியாகத் துறையின் பக்கம். அங்கே `Wei Lin, Associate Professor` என்று இருக்கிறது, கீழே “லின் ஆய்வகம்” என்று அவருடைய ஆய்வுக் குழுவுக்குப் பெயர். ஆய்வகத்துக்குக் குடும்பப் பெயரை வைப்பதே வழக்கம், அந்தப் பக்கத்தை எழுதியது அவரோ அவருடைய குழுவோ. இப்போது லின்தான் குடும்பப் பெயர் என்று நம்பலாம். பதவியும் தெரிந்துவிட்டது. ஆணா பெண்ணா என்பது மட்டும் இன்னும் தெரியவில்லை, ஆனால் `Professor` என்ற பட்டம் பாலைக் குறிப்பதில்லை, அதனால் அது தேவைப்படவும் இல்லை.

```
Dear Professor Lin,
```

ஆய்வகப் பெயர் கிடைக்காமல் முகவரியோடும் மேற்கோளோடும் தேடல் நின்றிருந்தால், `Dear Professor Wei Lin,` என்று எழுதுவதே சரி.

பெயரைத் தட்டச்சு செய்யாமல், பக்கத்திலிருந்து நகலெடுத்து ஒட்டுங்கள். எழுத்தின் மேலும் கீழும் குறிகள் கொண்ட பெயர்களில் ஒரு குறி விடுபட்டாலே அது வேறு பெயராகிவிடும். ஒட்டும்போது பல மின்னஞ்சல் சேவைகளில் `Ctrl+Shift+V` அழுத்தினால் வெறும் எழுத்து மட்டும் வரும். இல்லாவிட்டால் பெயர் மட்டும் வேறு எழுத்துருவிலும் அளவிலும் நின்று, ஒட்டியதைக் காட்டிக்கொடுக்கும். முகவரிப் பட்டியலிலிருந்து எடுத்தால் `Dear Lin, Wei,` என்று காற்புள்ளியும் சேர்ந்து வந்துவிடுகிறதா என்று அனுப்பும் முன் ஒருமுறை பாருங்கள்.

உள்ளடக்கத்திலும் ஓர் இடம் இருக்கிறது. விளிப்பில் கவனமாக இருந்துவிட்டு, நகல் போகும் இன்னொருவரைப் பற்றி மூன்றாம் பத்தியில் `he` என்று எழுதிவிடுவது எளிதாக நடக்கும். ஆங்கிலத்தில் அவருடைய பெயரையோ பொறுப்பையோ மறுபடி எழுதுங்கள், அல்லது `they` என்று எழுதுங்கள். தமிழில் இந்தக் கவலை குறைவு. ‘அவர் அனுப்பினார்’ என்ற மரியாதை வடிவம் இருபாலருக்கும் பொருந்தும், ‘நீங்கள்’, ‘தாங்கள்’ இரண்டும் பாலைச் சொல்வதே இல்லை. தமிழ்க் கடிதத்தில் பாலைக் காட்டிக்கொடுக்கும் இடங்கள் ஐயா, அம்மா, திரு, திருமதி போன்ற சொற்கள்தாம். அவற்றை எடுத்துவிட்டாலே மீதி தானாகச் சரியாகிவிடும்.

பதில் வந்த பிறகு

பதிலில் அவர் தன்னை எப்படிக் குறிப்பிடுகிறார் என்பதே இனி உங்களுக்கு வழிகாட்டி. இங்கே ஒரு நுணுக்கம் கவனிக்க வேண்டும். கடிதத்தின் அடியில் இரண்டு கையொப்பங்கள் இருக்கலாம். ஒன்று, பதவி, துறை, தொலைபேசி எல்லாம் அடங்கிய தானியங்கிக் கையொப்பம். அது எல்லோருக்கும் ஒன்றுபோலப் போகும். அதற்கு மேலே அவர் தானாகத் தட்டிய ஒரு பெயர் இருந்தால், அது உங்களுக்காக எழுதியது. `Wei` என்று மட்டும் எழுதியிருந்தால் அடுத்த கடிதத்தில் `Dear Wei,` என்று எழுதலாம். நீங்கள் மாணவராகவோ விண்ணப்பதாரராகவோ இருந்து கூச்சமாக இருந்தால் இன்னும் ஒருமுறை `Dear Professor Lin,` என்றே தொடர்வதிலும் தவறில்லை. தானியங்கிக் கையொப்பம் மட்டும் இருந்தால் அது எதற்கும் அனுமதி அல்ல, முன்பு எழுதியதையே தொடருங்கள்.

பெயரே தெரியாதபோது

ஒரு துறையின் பொது முகவரிக்கு எழுதுகிறீர்கள் என்றால், படிக்கப்போகிறவரின் பொறுப்பையோ குழுவையோ விளியுங்கள். `Dear Admissions Committee,` என்றோ ‘சேர்க்கைக் குழுவினருக்கு வணக்கம்’ என்றோ எழுதினால் போதும். `Dear Sir or Madam` இன்னும் வழக்கில் இருக்கிறது, யாரும் கோபப்படமாட்டார்கள். ஆனால் யாருக்கு எழுதுகிறோம் என்று தேடாமல் எழுதியதுபோலத் தோன்றும். `Dear Sir` மட்டும் எழுதுவது வேண்டாம், படிப்பவர் பெண்ணாக இருந்தால் முதல் சொல்லிலேயே அவரை விலக்கிவிடுகிறது. `To Whom It May Concern` என்பது யார் கையில் போய்ச் சேரும் என்றே தெரியாத சான்றிதழ்களுக்கும் பரிந்துரைக் கடிதங்களுக்கும் உரியது. பதில் எதிர்பார்த்து எழுதும் கடிதத்துக்கு அது பொருந்தாது.

பலருக்கு ஒரே நேரத்தில் அனுப்பினால்

மொத்தமாக அனுப்பும் கடிதங்களில் தவறு விளிப்பில் நடப்பதில்லை, அதற்கு வெகு முன்பே, தகவல் சேகரிக்கும் படிவத்தில் நடந்துவிடுகிறது. முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டாயக் கட்டங்கள் வைத்துவிட்டால், ஒற்றைப் பெயர்க்காரர் புள்ளியோ கோடோ போட்டு இரண்டாவது கட்டத்தைக் கடப்பார். பிறகு உங்கள் கடிதம் அந்தப் புள்ளியை விளித்துப் போகும். இணையத் தரநிலைகளை வகுக்கும் W3C அமைப்பு தரும் வழிகாட்டுதல் எளிமையானது. முழுப்பெயருக்கு ஒரே கட்டம் வையுங்கள், தேவையென்றால் “உங்களை எப்படி அழைக்க வேண்டும்?” என்று இன்னொரு கட்டத்தில் கேளுங்கள். அந்த இரண்டாவது கட்டத்தில் அவர் எழுதியதை மாற்றாமல் விளிப்பில் போட்டால் போதும். அவர் அதை நிரப்பாமல் விட்டிருந்தால் முழுப்பெயரைப் போடும்படி அமைத்துவிடுங்கள்.

தவறாக எழுதிவிட்டால்

நீங்கள் தவறிவிட்டீர்கள் என்று அவர் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்பதில்லை. நீங்கள் `Mr. Wei` என்று எழுதியதற்கு, எதுவும் சொல்லாமல் `Dr. Lin` என்று கையொப்பமிட்டுப் பதில் வந்தால், அதுதான் திருத்தம். அடுத்த கடிதத்தைச் சரியான விளிப்போடு தொடங்கி, ஒரே ஒரு வரி சேர்த்தால் போதும்:

```
Dear Dr. Lin,
My apologies for getting your name wrong in my last message.
```

உங்கள் ஊர்ப் பெயர் முறை, படிவம், அவசரம் என்று காரணங்களை அடுக்காதீர்கள். நீளமான மன்னிப்புக்கு “பரவாயில்லை” என்று பதில் சொல்லி உங்களைத் தேற்றும் பொறுப்பு அவர் மேல் விழும். அந்த ஒரு வரிக்குப் பிறகு நேராக விஷயத்துக்கு வந்துவிடுங்கள். அதோடு, உங்கள் முகவரிப் புத்தகத்தில் சேமித்திருக்கும் பெயரையும் அப்போதே திருத்திவிடுங்கள். இல்லாவிட்டால் சில மாதம் கழித்து எழுதும்போது பழைய பெயரையே பார்த்து அதே தவறை மறுபடி எழுதுவீர்கள்.